பால் நிறுத்தும் கடிதம்

2002-இல் சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை மூடப்பட்டதைச் சத்தியவேட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நினைவோடு சொல்கிறேன்: பணம் தாமதமானால் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதை வாய்வார்த்தையாக நிறுத்தாதீர்கள், கடிதம் கொடுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து நிறுத்துகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். அடியில் பாக்கிக் கணக்கு. பத்து நாளுக்கு ஒரு பில் என்றால், 80 லிட்டர், லிட்டர் 35 ரூபாய், ஆக 2,800. மூன்று பில்லுக்கு 8,400. கடனாக வாங்கிய தீவன மூட்டை 1,500. அதை நீங்களே கழித்துக் காட்டுங்கள். மறைத்தால் முழுக் கணக்கையும் சந்தேகிப்பார்கள். மீதி 6,900.

கொழுப்பு அளவு எழுதிய பால் சீட்டுகளின் நகலை இணையுங்கள். "உறுப்பினர் பங்கைத் திரும்பக் கேட்கவில்லை" என்றும் ஒரு வரி வேண்டும். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.