கோடையில் தொட்டிச் செடிகளுக்கு நீரும் சருகும்
(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ஆம் நாள் மூடப்படுகிறது. மீண்டும் ஜூன் 12ஆம் நாளையே நாம் எதிர்நோக்குகிறோம். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். அப்போது வீட்டுக் கொல்லையில் தொட்டிகளில் வளரும் மிளகாயும் கத்தரியும் குடத்து நீரையே நம்பி நிற்கின்றன. அந்த நீர் வேருக்குப் போய்ச் சேருகிறதா என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

"நாள்தோறும் ஊற்றுகிறோம்; தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வெளிவருகிறது; ஆயினும் செடி வாடுகிறது" என்று பலர் கூறுகின்றனர். இதற்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தஞ்சைத் தரணியின் வயல்மண் களிப்பு மிகுந்தது. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதை நாம் அறிவோம். அதே மண் தொட்டியில் காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகுகிறது. ஊற்றிய நீர் அந்த இடுக்கின் வழியே ஓடி அடித்துளையில் வெளியேறிவிடும். நடுவில் வேர் நிறைந்த மண்கட்டியோ உலர்ந்தே இருக்கும். ஆகவே, அடியில் நீர் வடிவதை மட்டும் கண்டு செடி குடித்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செலுத்திப் பார்த்தால் உண்மை தெரியும்.

இவ்வாறு காய்ந்துவிட்ட தொட்டியைச் சீர்செய்வது எளிது. இடுக்கில் பொடிமண்ணும் மக்கிய எருவும் இட்டு நிரப்புங்கள். அரை லிட்டர் நீரை மெதுவாக ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு மறுபடியும் ஊற்றுங்கள். அப்படியும் உள்மண் நனையாவிடில், அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டுத் தொட்டியை அரை மணி நேரம் அதில் வைத்து எடுத்துவிடுங்கள். நீரிலேயே விட்டுவைத்தால் வேர் அழுகும். தேங்கிய நீரில் கொசுவும் பெருகும்.

மண் மீண்டும் சுருங்காமல் காப்பதற்கே சருகு. ஒரு கணக்குப் பார்ப்போம். சித்திரை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஓரடி அகல வாயுள்ள தொட்டியின் நனைந்த மேல்மண்ணும் அவ்வாறே இழந்தால், அது சுமார் அரை லிட்டராகும். பத்துத் தொட்டிகளுக்கு 5 லிட்டர். சருகு மூடி இதில் பாதியைக் காத்தாலும், ஆறு நாளில் 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடம் மிச்சம். ஆனால் இலைகளின் வழியாகச் செடி வெளிவிடும் நீரைச் சருகு குறைக்காது. அகன்ற இலையுடைய கத்தரிக்கு மிளகாயைவிட அதிக நீர் தேவைப்படுவதை இதனால் உணரலாம்.

வேம்பு, புங்கு, மூங்கில் ஆகியவற்றின் சிறு சருகுகள் நன்றாகப் படியும். மா, பூவரசு இலைகளை நொறுக்கியும், வாழைச் சருகைச் சாண் அளவு நறுக்கியும் இட வேண்டும். முழு இலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, நீரை ஓரத்திற்குத் தள்ளிவிடும். முதலில் மண்ணை நன்கு நனைத்து, அதன்மேல் 2 முதல் 3 அங்குல உயரம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள். தண்டோடு குவித்தால் அடித்தண்டு அழுகக்கூடும். நோயுற்ற கத்தரி, மிளகாய்ச் செடிகளின் இலைகளை இடவே கூடாது. சருகு மக்கித் தாழும்போது மேலும் சேர்த்து வாருங்கள். கரையான் தென்பட்டால் அதை அகற்றிப் புதிதாக இடுங்கள்.

விடியற்காலையே நீர் விடுவதற்கு உகந்த நேரம். மேலாகத் தெளித்தால் சருகுதான் நனையும். ஆதலால் சருகை ஒதுக்கி மண்ணில் ஊற்றி மீண்டும் மூடுங்கள். நண்பகலில் கத்தரி இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. காலையிலும் தொங்கினால் விரல்விட்டுப் பாருங்கள். மண் உலர்ந்திருந்தால் நீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது வேர் நோயின் அறிகுறி. நீரை நிறுத்திச் சருகை விலக்குங்கள். கோடைமழை பெய்த மறுநாளும் விரல் சோதனைக்குப் பின்னரே ஊற்றுங்கள்.

கடும் வெப்பத்தில் மிளகாய்ப் பூ உதிர்வதைச் சருகு மட்டும் தடுத்துவிடாது. பிற்பகல் வெயில் படாத கிழக்குப் பக்கத்திற்குத் தொட்டிகளை நகர்த்தி, நெருக்கமாக வையுங்கள். தொட்டிச் சுவர் சூடேறுவது குறையும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். குளக்கரையிலும் பள்ளி வளாகத்திலும் கூட்டிய சருகைக் கொளுத்தாமல், பிளாஸ்டிக்கைப் பொறுக்கி நீக்கி, ஒரு மூலையில் குவித்து வைக்கச் செய்யுங்கள். வேண்டுவோர் கூடையில் அள்ளிச் செல்வார்கள்.