ஒரே தாமானுக்குள் இரண்டு வெளிநாட்டு அழைப்புகள்

மாசாயில் குடும்பம், சிங்கப்பூரில் வேலை என்று இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சிங்கப்பூர் முன்கட்டண சிம் அட்டையில் மலேசியாவுக்குப் பேச 100 நிமிடம் இலவசம் என்று வைத்துக்கொள்வோம்.

வாரக்கடைசியில் வீடு திரும்புகிறார். பக்கத்துத் தெருவிலிருந்து அம்மா அந்தச் சிங்கப்பூர் எண்ணுக்கு அழைக்கிறார். அழைப்பு முதலில் சிங்கப்பூருக்குப் போகிறது. அந்தச் செலவு அம்மாவுக்கு. அங்கிருந்து மாசாய்க்குத் திரும்பி வருகிறது. அந்தச் செலவு மகனுக்கு. எடுத்துப் பேசினாலே தொகை கழியும்.

அந்த 100 நிமிடம் இங்கே பொதுவாக உதவாது. அது சிங்கப்பூரில் இருந்தபடி வெளியே அழைப்பதற்கு. எல்லை தாண்டிய பிறகு ரோமிங் சலுகைதான் கணக்கு. அதிலும் இணையத்துக்கான சலுகை குரல் அழைப்புக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆகவே இரண்டு சிம் வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டாருக்கு மலேசிய எண்ணைக் கொடுக்கலாம். சிங்கப்பூர் சிம்மை வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்து, அதன் இணைய ரோமிங்கை நிறுத்திவிடலாம். மலேசிய சிம்மின் காலாவதி நாளுக்கு முன்பே டாப் அப் செய்யத் தவறினால் எண்ணே கைவிட்டுப் போகக்கூடும்.

இன்னொன்று: ஜொகூர் நீரிணை ஓரத்தில் மலேசிய சிம்மும் அக்கரை அலைவரிசையைப் பிடிக்கக்கூடும். திரையில் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், சொந்த ஊரிலேயே ரோமிங். நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், கையால் தேர்ந்தெடுங்கள்.