பிரியாத குத்துவிளக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்க குழு விளக்கு, பாத்திரம் தேய்த்துக் கொடுக்கிற வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியும். கார்த்திகைக்கு முன்னாடியும், தை மாசக் கல்யாணத்துக்கு முன்னாடியும் வேலை நிறைய வரும். தேய்க்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான். விளக்கைக் கழட்டுறதுதான் கஷ்டம். அதைப் பற்றி மட்டும் பேசச் சொன்னாங்க.

முதலில் நாங்க கெடுத்த கதையைச் சொல்லிடறேன். வேலை ஆரம்பிச்ச வருஷம் ஒரு வீட்டிலிருந்து மூணடி விளக்கு வந்தது. தட்டும் தண்டும் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுது. நான் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டேன், இன்னொரு அக்கா உச்சியில் இருக்கிற அன்னத்தைப் பிடிச்சு முறுக்கினாங்க. திரும்புதுன்னு சந்தோஷப்பட்டோம். பார்த்தா மரை திரும்பலை, தண்டே முறுக்கிக்கிட்டு மரைக்கு மேலே விரிசல் விட்டிருக்கு. உடைஞ்ச துண்டு உள்ளேயே நின்னுடுச்சு. பட்டறையில் கடைசல் பிடிச்சு எடுக்க 850 ரூபாய் ஆச்சு. அதைக் குழுச் சேமிப்பிலிருந்துதான் கொடுத்தோம். அந்த அம்மா ஒண்ணும் சொல்லலை. ஆனா அது அவங்க அம்மா வீட்டுச் சீர் விளக்கு. அவங்க முகத்தை நான் இன்னும் மறக்கலை.

அதுக்கப்புறம்தான் இது ஏன் ஒட்டுதுன்னு யோசிச்சோம். கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவிலில் செய்யற குத்துவிளக்கு பேர்போனது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. அங்கே பாதம், தண்டு, தட்டு, உச்சின்னு தனித்தனியா வார்த்து, கடைசல் பிடிச்சு, மரை போட்டுத்தான் சேர்ப்பாங்க. நம்ம வீட்டு விளக்கும் பெரும்பாலும் அதே மாதிரிதான். அப்படின்னா கழட்டுறதுக்குன்னே செஞ்ச பொருள். பின்னே ஏன் ஒட்டுது?

மேலே ஒட்டுறது வேறே, கீழே ஒட்டுறது வேறே. இதுதான் நான் இன்னைக்குச் சொல்ல வந்தது.

தட்டுக்கு நடுவில் ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் தண்டோட மரை ஏறும். நாம ஊத்தற நல்லெண்ணெய் அந்த மரை வழியா கொஞ்சம் கொஞ்சமா கசியும். எண்ணெய் காத்துப் பட்டு, சூடு பட்டு, வருஷக்கணக்கில் நின்னா கெட்டியாகி, அரக்கு மாதிரி பழுப்பு நிறப் பிசுக்காயிடும். புது எண்ணெய் வழவழன்னு இருக்கும், பழைய எண்ணெய் கோந்து. கீழே, பாதத்துக்கும் தண்டுக்கும் நடுவில் அவ்வளவு எண்ணெய் போகாது. அங்கே போறது நாம தேய்க்கிற புளியும், உப்பும், தண்ணியும். அது உள்ளே தங்கி, பித்தளையைத் தின்னு பச்சைக் களிம்பாகும். ஒரு கூட்டில் கோந்து, இன்னொண்ணில் களிம்பு. ரெண்டுக்கும் ஒரே மருந்து போட்டா ஒண்ணுதான் விடும்.

கோந்துக்கு மருந்து நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பச்சைப் பட்டுநூலைச் சாயம் போடறதுக்கு முன்னாடி பசை போக எதில் வேக வைப்பாங்க? சோப்பும் சோடாவும். அதே சலவைச் சோடா விளக்குப் பிசுக்கையும் இளக்கும். ஆப்ப சோடா இல்லை, வாஷிங் சோடா. காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது, கை வெந்துடும்.

போன தை மாசத்துக்கு முன்னாடி பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு தறிக்கார வீட்டு ஆயா கொண்டு வந்த விளக்கை வைச்சுச் சொல்றேன். பேத்தி கல்யாணத்துக்கு வேணும். பதினோரு வருஷமா கழட்டலையாம். விளக்கு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, தட்டிலிருந்து எண்ணெய் தண்டு வழியா வழியுது. கல்யாண வீட்டில் சாஞ்ச விளக்கு வைக்க முடியுமா? அதனால் கழட்டியே ஆகணும்.

முதலில் கவிழ்த்துப் பார்த்தோம். இதை யாரும் செய்யறதில்லை. பாதம் உள்ளே கூடா இருக்கும். சில விளக்கில் அடியில் ஒரு நட்டு போட்டு முடுக்கியிருப்பாங்க, மேலே எவ்வளவு முறுக்கினாலும் வராது. சிலதில் கனத்துக்காக அரக்கு ஊத்தியிருக்கும், சிலதில் ஈயப் பத்து வைச்சிருக்கும். அரக்கு இருந்தா சுடுதண்ணி காட்டக் கூடாது. ஆயா விளக்கில் இது ஒண்ணும் இல்லை. தண்டோட மரை நுனி மட்டும் பச்சை பூத்து வட்டமா தெரிஞ்சுது.

அப்புறம் ஒவ்வொரு கூட்டுக்கும் குறுக்கே, மேல் பாகத்திலும் கீழ் பாகத்திலும் படற மாதிரி சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். முறுக்கும்போது அந்தக் கோடு ரெண்டா விலகினா மரை திரும்புதுன்னு அர்த்தம். கை திரும்புது, கோடு விலகலைன்னா தண்டு முறுக்குது, உடனே விட்டுடணும். இந்தக் கோடு முன்னாடியே போட்டிருந்தா அந்த 850 ரூபாய் மிச்சம்.

திரியெல்லாம் எடுத்துட்டு, பிளாஸ்டிக் பக்கெட்டில் பத்து லிட்டர் நல்ல சூடு தண்ணி, அதில் 200 கிராம் வாஷிங் சோடா. கையுறை போட்டுக்கணும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரிச்சிடும். விளக்கைத் தலைகீழா, தட்டு முழுகற மாதிரி வைச்சோம். ஒரு மணி நேரத்தில் தண்ணி டீ நிறத்துக்கு வந்துடுச்சு. அதைக் கொட்டிட்டு இன்னொரு தரம் அதே மாதிரி. பழுப்பு வர்றது குறையற வரைக்கும் செய்யணும். வெள்ளி முலாம் பூசின விளக்கு, வார்னிஷ் அடிச்ச விளக்கு ரெண்டையும் இப்படி ஊற வைக்காதீங்க.

துடைச்சுக் காய வைச்சு, கூட்டில் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டோம். மண்ணெண்ணெய் விட்ட பிறகு அடுப்பு, நெருப்புப் பக்கத்தில் போகவே கூடாது. மறுநாள் காலையில் அதை நல்லா துடைச்சு, சோப்பு போட்டுக் கழுவிட்டு, கொதிக்கிற தண்ணியில் நனைச்ச துணியைத் தட்டோட கழுத்தில் மட்டும் சுத்தி ஒரு நிமிஷம் வைச்சோம். வெளியே இருக்கிறது சூடாகி ஒரு மயிரிழை விரியும், உள்ளே இருக்கிற மரை இன்னும் குளிர்ச்சியா இருக்கும். அந்த நேரத்தில் முறுக்கணும். ரொம்ப நேரம் வைச்சா ரெண்டும் சூடாகி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிடிக்கிறது எங்கேன்னா, கூட்டுக்கு ஒட்டின மாதிரி மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர். அன்னத்தையோ திரி முகத்தையோ பிடிக்கவே கூடாது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்திக்கிட்டா கை வழுக்காது. பைப் ரிஞ்ச் போட்டா பல் பதிஞ்சுடும். மேலேயிருந்து பார்த்தா பாட்டில் மூடி திறக்கிற பக்கமா திருப்பணும். ஏற்கெனவே கழன்ற கூடு ஒண்ணு அதே விளக்கில் இருந்தா, அது எந்தப் பக்கம் கழன்றதுன்னு பார்த்து அப்படியே திருப்புங்க. ஒரேயடியா முறுக்காம, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. நறநறன்னு சத்தம் வந்தா நல்லது, காஞ்ச பிசுக்கு உடையுது. கிறீச்சுன்னு உலோகம் உரசற சத்தம் வந்தா நிறுத்திப் பின்னாடி திருப்பி, இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். எங்க கோடு விலகுச்சு. தட்டு கழன்று வந்தப்போ ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க.

பாதம் மட்டும் வரலை. சோடாவிலும் ரெண்டாம் தரம் போட்டுப் பார்த்தோம், அசையலை. அப்போதான் புரிஞ்சுது, அங்கே எண்ணெயே இல்லை, பச்சைதான் இருக்கு. கவிழ்த்து வைச்சு, மரை நுனியைச் சுத்தி வினிகர் விட்டு அரை மணி நேரம். அதுக்கு மேலே விடக் கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் ரொம்ப நேரம் ஊறினா பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு, செம்பு மட்டும் நின்னு மேலே சிவந்துடும். விளக்கு இளஞ்சிவப்பா தெரிஞ்சா நாம கெடுத்துட்டோம்னு அர்த்தம். வினிகரைக் கழுவி, வெயிலில் காய வைச்சு, மண்ணெண்ணெய் விட்டு இன்னொரு ராத்திரி. மூணாம் நாள் காலையில் மரச்சுத்தியால் கூட்டைச் சுத்தி மெதுவா தட்டிட்டு முறுக்கினோம், வந்துடுச்சு. மரைப் பள்ளத்தில் பச்சை மண்ணு மாதிரி அடைஞ்சு, தண்டைக் கோணலா தூக்கியிருக்கு. விளக்கு சாஞ்சதுக்கு அதுதான் காரணம்.

அதை எடுக்கப் பழைய டூத் பிரஷ் போதலை. எங்க குழுவில் தறி வீட்டு அக்கா ஒருத்தர், நாலு இழை பருத்தி நூலை முறுக்கி, மரைப் பள்ளத்தில் சுத்தி இழுத்து இழுத்து எடுத்தாங்க. ஊசி, கத்தியை விட இதுதான் நல்லது, மரை தேயாது.

திரும்பச் சேர்க்கிறதிலும் ஒரு விஷயம் இருக்கு. புளி போட்டுத் தேய்ச்சா, நிறைய தண்ணி விட்டு அலசி, ஒரு மணி நேரமாவது வெயிலில் வைச்சுத்தான் மரை போடணும். ஈரத்தோட முடுக்கினா மறுபடியும் பச்சை. பாதத்து மரையில் மெழுகுவத்தியை லேசா தேய்ப்போம். தட்டுக்கு, மரையில் வெள்ளை நூல் ரெண்டு சுத்து, முடுக்கற பக்கமாவே சுத்தி வைப்போம், எண்ணெய் இறங்காது. விரல் பலத்துக்கு முடுக்கினா போதும்.

எல்லா விளக்கும் வரும்னு நான் சொல்லலை. மூணு தரம் செஞ்சும் கோடு விலகலைன்னா, கழட்டாமலே தேய்ச்சுக் கொடுத்துடறோம். வாங்கும்போதே வீட்டுக்காரங்ககிட்ட இதைச் சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கறோம். விரிசல், பத்து ஏதாவது இருந்தா அவங்க எதிரிலேயே குறிச்சுக்கறோம். கோயில் விளக்கு, பாவை விளக்கு மாதிரி பழசு வந்தா நாங்க கழட்ட மாட்டோம், வார்க்கிற ஆசாரிகிட்டப் போகச் சொல்லிடுவோம்.

ஆயா விளக்கு கல்யாணத்தில் நேரா நின்னுது. திருப்பிக் கொடுக்கும்போது ஆயா கேட்டாங்க, “இனிமே எப்போம்மா கழட்டணும்?”னு. வருஷத்துக்கு ரெண்டு தரம், பொங்கலுக்கு ஒண்ணு, கார்த்திகைக்கு ஒண்ணு, கழட்டித் துடைச்சு வைங்கன்னு சொன்னேன்.