அரிசியும் சீமெந்தும் ஒரே கூரையின் கீழ்



துணுக்காயில் ஒரு வணிகர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வவுனிக்குளத்து நீரில் விளையும் நெல்லைக் கொள்வனவு செய்து, தம் ஆலையில் குற்றி அரிசியாக விற்கிறார். அதே வளவின் மறுபுறத்தில் சீமெந்து, இரும்புக் கம்பி, கூரைத் தகடு ஆகியவற்றையும் விற்பனை செய்கிறார். நெல்லுக்கும் அரிசிக்கும் பெறுமதி சேர் வரி கிடையாது. அவை விலக்களிக்கப்பட்ட பொருள்கள். சீமெந்துக்கும் கம்பிக்கும் வரி உண்டு. களஞ்சியத்தின் கூரை ஒன்று, லொறி ஒன்று, கணக்கு எழுதும் கணினி ஒன்று. ஆனால் விற்பனை இருவகைப்பட்டது. இவ்விடத்தில்தான் ஒரு நுட்பமான வினா எழுகின்றது. பொதுவாக வாங்கிய பொருள்கள்மீது அவர் செலுத்திய வரியில் எவ்வளவைத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம்?

இலங்கையில் இவ்வரி 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால், அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற வணிகர் தாம் விற்கும்போது அறவிடுவது வெளியீட்டு வரி. வாங்கும்போது செலுத்தியது உள்ளீட்டு வரி. முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்து, எஞ்சியதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவார். ஆனால் வரி அறவிடப்படும் விற்பனைக்காகச் செலவான உள்ளீட்டு வரிக்கே இக்கழிவு உரியது. அரிசிக்காகச் செலவானது கழிவாகாது. அது அரிசியின் அடக்கவிலையிலே சேர்ந்துவிடும். விலக்கு என்ற சொல் பலரை மயக்குவது இதனாலேயே. ஏற்றுமதிக்கு உரிய பூச்சிய வீதம் வேறு. அங்கே விற்பனைக்கு வரி இல்லாவிடினும் உள்ளீட்டு வரி முழுவதும் கழிவாகும். விலக்களிக்கப்பட்ட பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி நம் வணிகரின் கணக்கைப் பார்ப்போம். 2024 ஜனவரி தொடக்கம் மார்ச் வரையான காலாண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி வரிவீதம் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. காலபோக அறுவடை முடிந்து நெல் குவியும் காலமும் அதுவே. அக்காலாண்டில் அவர் 420 இலட்சம் ரூபாவுக்கு அரிசியும், வரி நீங்கலாக 180 இலட்சம் ரூபாவுக்குச் சீமெந்து முதலியனவும் விற்றார். மொத்தம் 600 இலட்சம். வெளியீட்டு வரி 3,240,000 ரூபா.

கொள்வனவுச் சிட்டைகளை அவர் முதலில் மூன்று கட்டுகளாகப் பிரித்தல் வேண்டும். முதற்கட்டு, சீமெந்துப் பகுதிக்கு மட்டும் உரியவை. அவற்றில் வரி 2,700,000 ரூபா. இரண்டாங்கட்டு, ஆலைக்கு மட்டும் உரிய சாக்கு, உமி நீக்கும் இறப்பர் உருளைகள் போன்றவை. அவற்றில் வரி 180,000 ரூபா. மூன்றாங்கட்டு, இரண்டுக்கும் பொதுவான கூரைத் திருத்தம், லொறி டயர், கணினி ஆகியவை. அவற்றில் வரி 450,000 ரூபா. முதற்கட்டின் வரி முழுவதும் கழிவாகும். இரண்டாங்கட்டின் வரியில் ஒரு சதமும் கழிவாகாது. மூன்றாங்கட்டு மட்டுமே பங்கிடப்படும். வரிக்குட்பட்ட விற்பனை 180 இலட்சத்தை மொத்த விற்பனை 600 இலட்சத்தால் வகுத்தால் 30 சதவீதம் வரும். 450,000 ரூபாவில் 30 சதவீதம் 135,000 ரூபா. ஆகவே மொத்தக் கழிவு 2,835,000 ரூபா. செலுத்தவேண்டியது 405,000 ரூபா.

பிரிக்காமல் விட்டால் என்ன நேரும்? மூன்று கட்டுகளையும் ஒன்றாகக் கூட்டினால் உள்ளீட்டு வரி 3,330,000 ரூபா. அவ்வளவையும் கழித்துவிட்டால் செலுத்த ஏதுமின்றி, 90,000 ரூபா மிகை இருப்பதாகவே கணக்குக் காட்டும். இது தவறான கோரிக்கை. பின்னர் பரிசீலனையில் தண்டத்தோடு திரும்பி வரும். மாறாக, அச்சங்கொண்டு எல்லாவற்றையும் 30 சதவீதத்தால் பெருக்கினால் கழிவு 999,000 ரூபா மட்டுமே. அப்போது 2,241,000 ரூபா செலுத்த நேரிடும். அதாவது உரிய தொகையின் ஐந்து மடங்குக்கும் மேல். முன்னைய தவற்றைத் திணைக்களம் கண்டுபிடிக்கும். பின்னைய தவற்றை வணிகரே கண்டுபிடிக்காவிடின் வேறு யார் கண்டுபிடிப்பார்? நேர்மையும் அவசரமும் ஒன்றுசேரும் கணக்கறைகளில் இந்த இரண்டாவது தவறுக்கே இடம் அதிகம்.

இன்னொரு சிறு வழு உண்டு. வங்கியில் வந்து சேர்ந்த பணத்தைக் கொண்டு விகிதம் காண்போர், சீமெந்து விற்பனையை வரியோடு சேர்த்தே எழுதிவிடுவர். 180 இலட்சம் அப்போது 212.4 இலட்சமாகும், விகிதமும் 30இலிருந்து ஏறத்தாழ 33.6 சதவீதமாக உயரும். வரி என்பது வணிகரின் விற்பனைப் பெறுமதி அன்று. அதை விகிதத்தில் சேர்த்தலாகாது.

இக்கணக்கில் அரிசிக்கு நேர்ந்தது என்ன? கழிவாகாத 180,000 ரூபாவும், பொதுச் செலவிற் கழிவாகாத 315,000 ரூபாவும் சேர்ந்து 495,000 ரூபா அரிசியின் அடக்கத்தில் ஒளிந்துகொண்டன. நூறு ரூபா அரிசியில் ஏறத்தாழ 1 ரூபா 18 சதம் வரியாக இருக்கிறது. ஆனால் எந்தச் சிட்டையிலும் அது காணப்படமாட்டாது. உழவனிடம் நெல் வாங்கும் விலையிலோ, உண்பவன் அரிசிக்குக் கொடுக்கும் விலையிலோ அது இறங்கியே தீரும்.

இனி, பருவத்தால் வரும் சிக்கல். ஏப்பிரல் முதலான காலாண்டில் மொத்த விற்பனை 300 இலட்சம், ஜூலை முதலானதில் 360 இலட்சம், ஒக்டோபர் முதலானதில் 240 இலட்சம் என்று கொள்வோம். சீமெந்து விற்பனை மட்டும் ஒவ்வொரு காலாண்டிலும் அதே 180 இலட்சமாக நிற்கட்டும். மழைக்கால இறுதிக் காலாண்டில் விகிதம் 75 சதவீதமாகிறது. அதே கூரை, அதே 450,000 ரூபா வரி. ஆனால் வேலையை அப்போது செய்திருந்தால் கழிவு 337,500 ரூபா. அறுவடைக் காலாண்டிற் செய்ததால் 135,000 ரூபா. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வரிக்குட்பட்ட விற்பனை 720 இலட்சம், மொத்தம் 1,500 இலட்சம். விகிதம் 48 சதவீதம். கழிவு 216,000 ரூபா. கூரை ஆண்டு முழுவதும் இருபுறத்தையும் காக்கிறது. ஆதலால் இம்மூன்றில் உண்மைக்கு அணித்தானது 48 சதவீதமே என்பதில் ஐயமில்லை.

அயல்நாடான இந்தியாவில் 2017ஆம் ஆண்டு விதிகளின் 42ஆம் விதி இதை நேராகவே எதிர்கொள்கிறது. அங்கே மாதந்தோறும் தற்காலிகமாகப் பங்கிட்டு, நிதியாண்டு முடிந்தபின் ஆண்டு விற்பனையைக் கொண்டு மறுபடி கணக்கிடவேண்டும். அதிகம் கழித்திருந்தால் வட்டியோடு திருப்பிச் செலுத்தவேண்டும். குறைவாகக் கழித்திருந்தால் மீதியைப் பெறலாம். பல்லாண்டு பயன்படும் மூலதனப் பொருள்களின் வரியை 43ஆம் விதி 60 மாதங்களுக்குப் பரப்பி வைக்கிறது. அங்கே ஓர் அறுவடை மாதத்தின் தற்செயல், ஒரு பொறியின் முழு வரியையும் தீர்மானித்துவிடாது.

துணுக்காய் வணிகர் செய்யத்தக்கது, பெருஞ்செலவு வருமுன்பே பங்கீட்டு முறையை எழுதித் திணைக்களத்தின் கருத்தைக் கேட்பதாகும். லொறியைப் பொறுத்தவரையில் ஓட்டக் குறிப்பேடு உதவும். அதன் ஓட்டத்தில் எவ்வளவு தூரம் சீமெந்துக்கு, எவ்வளவு தூரம் நெல்லுக்கு என்பது பதிவாகியிருந்தால், விற்பனை விகிதத்தைவிட அதுவே உண்மையான பயன்பாட்டைக் காட்டும் சான்று. கேள்வியோடு அதையும் முன்வைக்கலாம். நான்கு காலாண்டுகளின் அறிக்கையிலும் ஒரே சதவீதம் மாறாமல் நின்றால், அங்கே யாரும் கணக்கிடவில்லை, பழைய எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பரிசீலிப்பவர் உடனே அறிந்துகொள்வார். நெல் ஒரு பருவத்தில் வந்து குவியும் ஊரிலே அவ்விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு மாறாதிருக்க வழியில்லை.