காலச் சொல்லும் வினைமுற்றும்



‘தற்போது’, ‘இப்போதெல்லாம்’, ‘அடுத்த ஆண்டுக்குள்’, ‘இறுதியில்’ ஆகிய நான்கு சொற்கள் நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் அடிக்கடி வருவன. இவை ஒவ்வொன்றும் எந்தக் காலவினையை வேண்டி நிற்கின்றன என்பதே இன்றைய உரையின் பொருள். முதலில், இவ்வுரைக்கென நாமே அமைத்த ஒரு பத்தியைப் படிக்கிறோம்.

“முன்பெல்லாம் பினாங்குத் தீவுக்கு மக்கள் படகில்தான் வருவார்கள். 1985-இல் முதற்பாலம் திறக்கப்பட்டது. இறுதியில், 2014-இல், இரண்டாம் பாலமும் வந்தது. இப்போதெல்லாம் பலர் பாலத்தின் வழியாகவே வருகிறார்கள். தற்போது எங்கள் பாட்டி படகுத்துறையில் காத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டுக்குள் அவர் எண்பது வயதை நிறைவு செய்திருப்பார்.”

இப்பத்தியில் பிழை உண்டா? ஆசிரியர் சிலர் முதல் வாக்கியத்தில் சிவப்பு மை இடுவர். ‘முன்பெல்லாம்’ என்பது கடந்த காலம், ‘வருவார்கள்’ என்பது எதிர்காலம், ஆகவே ‘வந்தார்கள்’ என்று திருத்துக என்பர். இத்திருத்தம் தவறானது என்பதே நம் கருத்து. அதனை நிறுவுவதற்கு, காலச் சொல்லுக்கும் வினைமுற்றுக்கும் உள்ள உறவைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும்.

பினாங்கு மாணவர் நாள்தோறும் மூன்று மொழிகளுக்கிடையே நடமாடுகின்றனர். மலாய் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ‘மாக்கான்’ என்னும் ஒரே சொல், உண்டான், உண்கிறான், உண்பான் என்னும் மூன்றற்கும் பொதுவாக நிற்கும். ‘சுடா’ முன்வந்தால் செயல் முடிந்தது. ‘செடாங்’ வந்தால் நடந்துகொண்டிருக்கிறது. ‘அக்கான்’ வந்தால் இனி நிகழும். இச்சொற்கள் இல்லாதவிடத்து, நேற்று, நாளை என்னும் நாட்சொற்களே காலத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ வினை உருமாறும். அதனுடன் இன்ன காலச் சொல்லுக்கு இன்ன வினைவடிவம் என்னும் அட்டவணையையும் மாணவர் மனனம் செய்கின்றனர்.

தமிழ் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. தமிழில் தெரிநிலை வினைமுற்று காலத்தைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ‘வந்தான்’ என்றால் போதும். ‘நேற்று’ என்பது வேண்டியதில்லை. அவ்வாறாயின் காலச் சொல்லின் பணி யாது? பேசுவோன் எந்த இடத்தில் நின்று அச்செயலைப் பார்க்கிறான் என்பதை அது சுட்டுகிறது. நிற்கும் இடத்தைக் காலச் சொல் சொல்ல, அங்கிருந்து செயல் எவ்வாறு தெரிகிறது என்பதை வினைமுற்று சொல்லுகிறது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் நான்கு சொற்களும் விளங்கும்.

முதலில் ‘தற்போது’. இது பெரும்பாலும் நிகழ்காலத்தை ஏற்கும். ‘காத்துக்கொண்டிருக்கிறார்’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயல். ஆயின், ‘தற்போது’ வந்தவிடமெல்லாம் ‘கொண்டிருக்கிறது’ வரவேண்டும் என்று கருதுதல் பிழை. தெரிதல், இருத்தல் போன்றவை நிலைகளைக் குறிப்பன. ‘தற்போது எனக்கு விடை தெரிந்துகொண்டிருக்கிறது’ என எவரும் பேசார். ‘தெரிகிறது’ என்பதே தமிழ். இனி, ‘இப்போது’ என்னும் சொல் இதனினும் நெகிழ்வானது. ‘இப்போதுதான் வந்தான்’, ‘இப்போது வருகிறான்’, ‘இப்போது வந்துவிடுவான்’ என மூன்று காலத்தையும் அது தாங்கும். அது சுட்டுவது பேசுவோன் நிற்கும் நொடியை. செயல் அந்நொடிக்கு முன்னோ பின்னோ அமையலாம். ஆகவே, ‘இப்போது என்றால் நிகழ்காலம்’ என்னும் அட்டவணை இங்கேயே உடைந்துவிடுகிறது.

அடுத்து, ‘இப்போதெல்லாம்’. ‘எல்லாம்’ சேர்ந்தவுடன் ஒரு நொடி ஒரு காலப்பரப்பாக விரிகிறது. செயல் ஒருமுறை நிகழ்வது அன்று, வழக்கமாக நிகழ்வது. அதற்கு நிகழ்கால வினை பொருந்தும். எதிர்மறையில் ‘இப்போதெல்லாம் வருவதில்லை’ என்போம். ‘இப்போதெல்லாம் வரவில்லை’ என்பதும் பேச்சில் உண்டு; எனினும் வழக்கம் நின்றுபோனதைத் தெளிவாகச் சொல்வது ‘வருவதில்லை’ என்னும் வடிவமே.

இதன் மறுபுறமே ‘முன்பெல்லாம்’. நாம் தொடக்கத்தில் எடுத்த வாக்கியம் இங்கு வருகிறது. ‘முன்பெல்லாம் படகில் வருவார்கள்’ என்பதிலுள்ள ‘வருவார்கள்’ இனி நிகழப்போவதைச் சொல்லவில்லை. மீண்டும் மீண்டும் நிகழ்ந்த வழக்கத்தைச் சொல்லுகிறது. ‘வந்தார்கள்’ என்று மாற்றினால் வாக்கியம் பிழையாகாது. ஆயின், ‘எல்லாம்’ தாங்கிநின்ற வழக்கப் பொருள் மங்கிவிடும். வீட்டில் பாட்டி, ‘அப்போதெல்லாம் விடியலிலேயே எழுந்து போவோம்’ என்று சொல்லக் கேட்ட பிள்ளை, அதையே கட்டுரையில் எழுதுகிறது. அதைச் சிவப்பு மையால் அடித்தால், வீட்டிலிருந்து வந்த நல்ல தமிழைப் பள்ளியில் பிழையென்று கற்பித்தவராகிறோம்.

எதிர்கால வடிவம் வழக்கத்தைக் குறிப்பது எவ்வாறு? ‘கிறு’, ‘கின்று’ போன்ற நிகழ்கால இடைநிலைகளைப் பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்துக் கூறுகிறது. ஆயின், பழைய சங்கப் பாடல்களில் இவ்விடைநிலைகள் மிக அரிது. அங்கே முடிந்த செயலுக்கு ஒரு வடிவமும், முடியாத செயலுக்கு மற்றொரு வடிவமுமே பெரும்பான்மை. முடியாதது என்பதனுள் இப்போது நிகழ்வதும், இனி நிகழ்வதும், எப்போதும் நிகழ்வதும் அடங்கின. மலை நிற்பது போல மூன்று காலத்தும் மாறாதவற்றைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் கூறவேண்டும் என்று தொல்காப்பியம் விதிப்பதும் இதனையொட்டியே. பின்னர் நிகழ்காலத்திற்குத் தனி வடிவம் பெருகியபோதும், வழக்கத்தைச் சொல்லும் உரிமையைப் பழைய வடிவம் இழக்கவில்லை.

இலக்கண நூலாரும் இதனைக் கண்டிருந்தனர். ஒரு காலத்திற்குரிய வினை மற்றொரு காலத்தில் வருவதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களை நன்னூல் காட்டுகிறது. உண்ணப் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பது விரைவு. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டில் ஏறக் கண்டு, ‘மழை பெய்தது’ என உறுதிபடக் கூறுவது தெளிவு. பண்டு தாம் விளையாடிய சோலையைச் சுட்டி, ‘விளையாடுவது’ என எதிர்கால வடிவத்தால் கூறுதலை இயல்புக்கு எடுத்துக்காட்டாக உரைகாரர் தருவர். நம் பாட்டியின் ‘போவோம்’ இச்சோலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

மூன்றாவது ‘அடுத்த ஆண்டுக்குள்’. இங்கே ‘உள்’ என்னும் உருபு ஓர் எல்லையை நாட்டுகிறது. அவ்வெல்லைக்கு முன் எந்நாளிலும் செயல் முடியலாம். 1984-இல் நின்று முதற்பாலத்தைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். ‘அடுத்த ஆண்டுக்குள் பாலத்தைத் திறப்பார்கள்’ என்றால் அது எதிர்பார்ப்பு. ‘திறந்துவிடுவார்கள்’ என்றால் உறுதி கூடுகிறது. ‘திறந்திருப்பார்கள்’ என்றால், எழுதுவோர் மனத்தால் அடுத்த ஆண்டின் இறுதிக்கே சென்று, அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறார். செயல் அங்கே முடிந்து கிடக்கிறது. மூன்றும் சரியே; நிற்கும் இடமும் உறுதியின் அளவும் வேறு.

இதே ‘திறந்திருப்பார்கள்’ என்பதை ‘இந்நேரம்’ என்னும் சொல்லோடு சேர்த்தால் பொருள் முற்றிலும் மாறும். ‘இந்நேரம் கடையைத் திறந்திருப்பார்கள்’ என்பது வருங்காலம் பற்றியது அன்று. காணாத ஒன்றை ஊகிப்பது. வடிவம் ஒன்றாயிருக்க, எதிர்கால நிறைவா, ஊகமா என்பதைக் காலச் சொல்லே முடிவு செய்கிறது. மாணவர் இங்கே தடுமாறுவது இயல்பு. இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் தடுமாற்றம் நீங்கும்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். அச்செய்தியையே இன்று நாம் கதையாகச் சொன்னால், ‘அடுத்த ஆண்டுக்குள்’ என்று எழுதுதல் ஆகாது. அது நம் அடுத்த ஆண்டாகிவிடும். ‘மறு ஆண்டுக்குள் பாலம் திறக்கப்பட்டுவிட்டது’ என்றே எழுதவேண்டும். நிற்கும் இடம் மாறினால் காலச் சொல்லும் உடன் மாறும். ‘உள்’ என்பதற்கு மாறாக ‘வரை’ வந்தால் எல்லை நீடிப்பாகும். ‘வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுங்கள்’ என்பது ஒருமுறை செய்து முடிப்பது. ‘வெள்ளிக்கிழமை வரை கண்காட்சி நடைபெறும்’ என்பது தொடர்ந்து நிகழ்வது. பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையில் இவ்விரண்டும் இடம் மாறினால் குழப்பம் விளையும்.

நான்காவது ‘இறுதியில்’. இது பல நிகழ்ச்சிகளைக் கடந்து ஒரு முடிவில் வந்து நின்று பேசும் சொல். ஆகவே கதையிலும் வரலாற்றிலும் இறந்தகாலமே அதற்கு இயல்பான துணை: ‘இறுதியில் இரண்டாம் பாலமும் வந்தது’. கடந்தகாலத்தில் நடந்துவந்த கதை, கடைசிப் பத்தியில் ‘இறுதியில் அவன் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறான்’ என்று திடீரென நிகழ்காலத்திற்குத் தாவுவதைப் பல கட்டுரைகளில் காண்கிறோம். தாவுதற்குக் காரணம் இல்லையாயின் அது பிழையே. ‘இறுதியில் உண்மை வெல்லும்’ என எதிர்காலமும் வரும். அது நம்பிக்கையைச் சொல்வது. ‘இறுதியாக’ என்பது வேறு. உரையில் கடைசிக் கருத்தை அறிவிப்பது. ‘ஆண்டிறுதியில்’ என்பதும் வேறு. அது நாட்காட்டியின் ஓர் இடம்.

தமிழில் காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினைகளும் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லை, உண்டு, உள்ளது என்னும் குறிப்பு வினைகள் அத்தகையன. ‘நேற்று வீட்டில் யாரும் இல்லை’, ‘இன்று யாரும் இல்லை’ என இரண்டிடத்தும் வினை மாறவில்லை. மலாய் மொழியிற் போலவே காலச் சொல்லே காலத்தை உணர்த்துகிறது. மலாய் அறிந்த மாணவருக்கு இதைக் காட்டினால், ஒரு மொழியின் அறிவு மற்றொன்றுக்குத் துணையாகும். எனினும் ‘நேற்றுப் பாலம் மூடப்பட்டுள்ளது’ என எழுதுதலைத் தவிர்ப்பது நலம். ‘உள்ளது’ இன்றைய நிலையைச் சுட்ட, ‘நேற்று’ முடிந்த நாளில் நிற்கிறது. ‘நேற்று மூடப்பட்டது’ என்றோ, நாளைச் சுட்டாமல் ‘மூடப்பட்டுள்ளது’ என்றோ எழுதினால் முரண் இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. காலச் சொல்லும் வினைமுற்றும் மாறுபட்டு நிற்கும் வாக்கியத்தைக் கண்டால், திருத்துமுன் மாணவரிடம், “நீ எங்கே நின்று இதைப் பார்க்கிறாய்? இது ஒருமுறை நடந்ததா, வழக்கமா?” என்று கேளுங்கள். பாட்டியின் படகுப் பயணத்தை எழுதிய பிள்ளை, “அப்படித்தான் எப்போதும் வருவார்களாம்” என்று விடை சொல்லும். அவ்விடையிலும் அதே ‘வருவார்கள்’ இருக்கும். அங்கே சிவப்பு மைக்கு வேலை இல்லை.