ஓட்டுநரும் நடத்துநரும்: பிறவி எண், விதி எண்



திருமணப் பேச்சு தொடங்கும் இல்லங்களில், ஜாதகத்தோடு பிறந்த தேதியையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் பரவியுள்ளது. "பெண்ணுக்கு எட்டாம் எண்; வேண்டாம்" என்று ஒரு நல்ல வரன் கைவிடப்படுவதும் உண்டு. அந்த எட்டு எங்கிருந்து வருகிறது, அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் குடும்பப் பெரியவர்கள் அறிந்திருத்தல் நலம்.

எண் சோதிடம் ஒருவருக்கு இரண்டு எண்களை முதன்மையாகக் கொள்கிறது. பிறந்த தேதியை மட்டும் ஒற்றை இலக்கமாகச் சுருக்கினால் கிடைப்பது பிறவி எண். தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் கூட்டிச் சுருக்கினால் கிடைப்பது விதி எண். வடநாட்டார் இவற்றை மூலாங்கம், பாக்கியாங்கம் என்பர். அண்மைக் காலத்தில் முன்னதை டிரைவர் என்றும் பின்னதைக் கண்டக்டர் என்றும் அழைக்கின்றனர். பேருந்தைச் செலுத்துபவர் ஓட்டுநர். அது எங்கே நிற்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்று விசில் கொடுப்பவர் நடத்துநர். அதுபோல, மனிதனின் இயல்பைப் பிறவி எண்ணும், அவனுக்கு வாய்க்கும் வழியை விதி எண்ணும் காட்டும் என்பது இக்கலையின் கொள்கை.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோள் அதிபதி. ஒன்று சூரியன், இரண்டு சந்திரன், மூன்று குரு, நான்கு ராகு, ஐந்து புதன், ஆறு சுக்கிரன், ஏழு கேது, எட்டு சனி, ஒன்பது செவ்வாய். மேலைநாட்டு எண் சோதிடர் கீரோ நான்குக்கு யுரேனஸையும் ஏழுக்கு நெப்டியூனையும் வைத்தார். இந்திய முறை அவ்விடங்களில் ராகு கேதுக்களை அமர்த்தியது. எட்டைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் அதன் அதிபதி சனி என்பதே.

அகமதாபாத்தின் சமணக் குடும்பத்தில் தோன்றிய அறிவியலாளர் விக்ரம் சாராபாயின் பிறந்த நாளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். அவர் பிறந்தது 12-8-1919. ஒன்றும் இரண்டும் மூன்று. ஆகவே ஓட்டுநர் குரு. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 31. மூன்றும் ஒன்றும் நான்கு. ஆகவே நடத்துநர் ராகு.

குருவும் ராகுவும் சேர்வதைச் சோதிட மரபு தோஷமாகவே பேசும். அக்கண் கொண்டு பார்ப்பவர், இப்பிள்ளையின் அறிவு தடம் மாறும் என்று அஞ்சியிருப்பார். அவரோ 1947இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக் கூடத்தை நிறுவினார். 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது, அவர் முன்னின்று நடத்திய முயற்சியால். இவ்வளவும் அறிந்தபின் அதே சோதிடர், "குரு கல்வியைத் தந்தார், ராகு எவரும் செல்லாத வழியைத் தந்தார்" என்று மகிழ்ந்து சொல்லலாம். வாழ்க்கை தெரிந்தபின் எண் பொருந்துகிறது; தெரியாதபோது அதே எண் அச்சுறுத்துகிறது. இக்கலையின் பெரிய குறை இதுவே. அதே நாளில் பிறந்த மற்றவர்களுக்கும் இவ்விரு எண்களே உரியன என்பதையும் மறக்கலாகாது.

கணக்கிலும் இடறல் உண்டு. பதின்மூன்றாம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குப் பிறந்த குழந்தையை, நள்ளிரவில் நாள் மாறும் என்பவர் நான்காம் எண் என்பார். சூரிய உதயத்தில் நாள் மாறும் என்பவர் பன்னிரண்டாம் தேதியாகக் கொண்டு மூன்றாம் எண் என்பார். ராகுவும் குருவும் அங்கே இடம் மாறிவிடுகின்றனர். பள்ளியில் சேர்ப்பதற்காக எழுதிய தேதி சான்றிதழில் நிலைத்துவிட்டால், கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகும். மேலும், இக்கணக்கு ஆங்கில நாட்காட்டியின் மேல் நிற்பது. அதே நாளைத் தமிழ் மாதத் தேதியாலும் வீர நிர்வாண ஆண்டாலும் எழுதினால் வேறு எண்கள் வரக்கூடும். பிறந்த குழந்தையோ மாறுவதில்லை.

ஆகவே, எண் பார்க்கும் இல்லத்தார் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: கூட்டிய தேதி உண்மைத் தேதியா, நாளின் தொடக்கம் எது, பலன் சொல்பவர் அந்த ஆளை அறிந்தபின் சொல்கிறாரா, அறியாமல் சொல்கிறாரா. இவற்றுக்கு விடை கிடைத்தபின்னும் எட்டாம் எண் சொல்வது, அப்பெண் 8, 17, 26 ஆகிய தேதிகளுள் ஒன்றில் பிறந்தாள் என்பதை மட்டுமே. அவளுடைய குணத்தையும் கல்வியையும் அறிய, அவளோடும் அவள் பெற்றோரோடும் அமர்ந்து பேசுவதே வழி.