காது தொட்ட கை

ஒரு பெரியவர். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊரார் பிறந்த தேதிகளையெல்லாம் பதிவேட்டில் எழுதியவர். 2009 ஜூன் மாதம், 58 வயதில் ஓய்வு பெற்றார்.

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போனார்கள். அக்கா, அப்பாவின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். அதில் “கர வருஷம், மாசி மாதம், ஆண் மகவு” என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் 1952. ஆனால் பள்ளிச் சான்றிதழில் 5-6-1951!

“அக்கா, இது எப்படி?”

“உன்னைப் பள்ளியில சேர்க்கப் போனப்ப அப்பாவுக்குத் தேதி சொல்லத் தெரியல தம்பி. வாத்தியார் உன் வலது கையைத் தலைக்கு மேலே சுத்தி இடது காதைத் தொடச் சொன்னார். நீ வளர்த்தி. தொட்டுட்டே. அஞ்சு வயசு முடிஞ்ச மாதிரி அவரே ஒரு தேதி போட்டுட்டார்.”

அந்தத் தேதியால் முன்கூட்டியே ஓய்வு; எட்டு மாதச் சம்பளம் போயிற்று. திருத்தக் கேட்பதென்றால், வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்டிருக்க வேண்டும்.

பெரியவர் வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. “அவர் அன்னைக்குச் சேர்க்காம அனுப்பியிருந்தா, நான் மாடு மேய்க்கப் போயிருப்பேன்” என்றார்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.